இருபது வினாடியில் ஒரு தொடரின் தொனி: அனிமேஷன் டைட்டில் காட்சி வடிவமைப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

20 வினாடிக்குள் ஒரு தொடரைப் பற்றி எவ்வளவுதான் சொல்லிவிட முடியும்?

கதையைச் சொல்ல முடியாது. அந்தத் தொடரின் உலகத்தில் இருப்பது எப்படிப்பட்ட உணர்வைத் தரும் என்பதை மட்டும் சொல்லலாம், அதை முழுமையாகவே சொல்லலாம். வினாடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் நம் கையில் இருப்பது 480 ஃபிரேம்கள். ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களின் வழக்கமான தொடக்கப் பாடல் 90 வினாடி ஓடுவதால், அங்கே பாத்திரங்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தவும், எதிரியைக் காட்டவும், பாட்டின் நடுவே தொனியை மாற்றித் திரும்பவும் இடமிருக்கிறது. 20 வினாடியில் அந்த வரிசையை அப்படியே சுருக்க முயன்றால், ஒவ்வொரு ஷாட்டும் ஒரு வினாடிக்கும் குறைவாகக் குறுகி, பார்ப்பவர் மனத்தில் வேகம் மட்டுமே எஞ்சும். வேகமே தொனியாக இருக்கும் தொடருக்கு அது பொருந்தலாம். மற்றவற்றுக்கு ஒரே ஒரு காட்சி உத்தியைத் தேர்ந்தெடுத்து, அதை நான்கைந்து முறை வளர்த்தெடுப்பது நல்ல பலனைத் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இதே காட்சியைத் தொடரின் ரசிகர் ஒவ்வோர் அத்தியாயத்திலும் மீண்டும் பார்க்கப் போகிறார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தகவல் ஒருமுறை கிடைத்ததும் தீர்ந்துவிடும். தாளமும் அசைவும் அப்படித் தீர்வதில்லை.

தொனி என்பதை எங்கிருந்து தொடங்கித் தீர்மானிப்பது? எல்லோரும் “நகைச்சுவையும் சாகசமும்” என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த இரண்டு சொற்களை வைத்து எந்த ஓவியராலும் ஒரு கோடுகூட முடிவு செய்ய முடியாது, ஏனெனில் அவை பாதித் தொடர்களுக்குப் பொருந்தும். தொனியை ஒரு செயலாக எழுத வேண்டும், அதாவது உங்கள் தொடரின் மனிதர்கள் தங்களுக்கு நேரும் நிகழ்வை எந்த மனநிலையில் எதிர்கொள்கிறார்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கம் முழுவதற்கும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காகவே உருவாக்கிய ஒரு தொடர் இது. ஒரு கலங்கரை விளக்கத்தில் சிறுமியும் அவளுடைய தாத்தாவும் வாழ்கிறார்கள், இரவு நேரத்தில் கடலிலிருந்து விசித்திரமான பொருள்களும் உயிர்களும் கரை சேர்கின்றன. தொடரின் பெயர் ‘கரை ஒதுங்கியவை’ என்று இருக்கட்டும். “மர்மம், கொஞ்சம் அச்சம், குடும்பப் பாசம்” என்று எழுதினால் ஒன்றும் பிடிபடாது. “அறியாத ஒன்று இருட்டிலிருந்து வருகிறது, இவர்கள் அதற்குத் தேநீர் கொடுக்கிறார்கள்” என்று எழுதிப் பாருங்கள். இருட்டும் தேநீரும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, அந்த முரண்தான் தொடரின் தொனி. இந்த வாக்கியம் கிடைத்தவுடன் பல கேள்விகளுக்கு விடை தானாக வருகிறது: அலறல் வேண்டாம், திடீர் வெட்டுகள் வேண்டாம், சூடான மஞ்சள் ஒன்றும் குளிர்ந்த நீலம் ஒன்றும் போதும், முகபாவங்கள் வியப்பில் விரியத் தேவையில்லை.

வாக்கியம் சரியாக இருக்கிறதா என்பதை ஓர் எளிய வழியில் கண்டறியலாம். அதைக் கேட்டவர் “இந்தத் தொடரில் இன்னது நடக்காது” என்று ஒன்றையாவது உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும். எதையும் விலக்காத வாக்கியத்தால் வடிவமைப்புக்குப் பயனில்லை.

இசை முதலில் வர வேண்டுமா, படம் முதலில் வர வேண்டுமா?

இரண்டுக்கும் முன்னால் டெம்போ வர வேண்டும். மெட்டு பிறகு வரலாம், வாத்தியங்கள் இன்னும் பிறகு வரலாம், ஆனால் நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற ஒரே எண்ணை இசையமைப்பாளரும் இயக்குநரும் முதல் நாளிலேயே சேர்ந்து முடிவு செய்துவிட்டால், இருவரும் தனித்தனியே வேலை செய்ய முடியும்.

அந்த எண்ணைத் தேர்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 1,440 ஃபிரேம்கள். அதை டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்பது கிடைக்கும். 120 என்றால் சரியாக 12 ஃபிரேம், 144 என்றால் 10 ஃபிரேம், 96 என்றால் 15 ஃபிரேம். 110 என்று வைத்தால் 13.09 வருகிறது. அந்தச் சிறு பின்னம் முதல் சில பீட்டுகளில் தெரியாது. ஆனால் அனிமேட்டர் 13 ஃபிரேம் என்று வைத்து வரைந்துகொண்டே போனால், இருபதாவது வினாடியை நெருங்கும்போது படம் இசையைவிடச் சுமார் மூன்று ஃபிரேம் முந்தி நிற்கும். இறுதி லோகோ வந்து அமரும் தருணத்தில் ஏதோ பிசகுகிறது என்று எல்லோரும் உணர்வார்கள், காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடாது.

ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தும் வழக்கமான முறையில் வரைபவர்களுக்கு இரட்டைப்படை எண் வசதியானது, ஏனெனில் 15 ஃபிரேம் பீட்டில் ஒவ்வொரு இரண்டாவது பீட்டும் ஓர் ஓவியத்தின் நடுவில் விழும். நம் எடுத்துக்காட்டுக்கு 120-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு பீட் 12 ஃபிரேம், நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று 48 ஃபிரேம், அதாவது இரண்டு வினாடி. மொத்தம் பத்துச் சுற்றுகள், மிச்சமில்லாமல். டெம்போ முடிவானதும் ஒரு வெறும் தட்டொலித் தடத்தை, ஸ்டோரிபோர்டு ஓவியங்களை நேரக் கணக்கோடு ஓடவிடும் மாதிரிப் படமான அனிமேட்டிக்கின் அடியில் போட்டுவிடுங்கள். பிடித்தமான வேறொரு பாட்டைத் தற்காலிகமாகப் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் இரண்டு வாரத்தில் எல்லோரும் அந்தப் பாட்டின் தொனிக்குப் பழகிவிடுவார்கள், புதிதாக இசையமைப்பவர் அதனோடு போட்டியிட வேண்டியிருக்கும்.

எடுத்துக்காட்டுத் தொடரை வைத்தே 20 வினாடியையும் ஷாட் ஷாட்டாகக் காட்ட முடியுமா?

முதலில் உத்தி. கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கற்றை குறிப்பிட்ட கால இடைவெளியில் சுழன்று வருவது. அதுவே நமக்குத் தாளமாகவும் திரைச்சீலையாகவும் இருக்கும். ஒளி ஒருமுறை சுற்றிவர இரண்டு இசைச் சுற்றுகள், அதாவது 96 ஃபிரேம், நான்கு வினாடி என்று வைத்தால், 20 வினாடியில் ஐந்து முறை ஒளி வரும். கேமரா நகரவே நகராது. கடற்கரையின் ஒரே பரந்த காட்சி, ஒரே பின்னணி ஓவியம். ஒவ்வொரு முறையும் முதல் 48 ஃபிரேமில் ஒளி இடமிருந்து வலமாகக் கரையைத் துழாவிச் செல்கிறது, அடுத்த 48 ஃபிரேமில் நீல இருட்டு. அந்த இருட்டு முழுக் கறுப்பாக இருக்கக் கூடாது, உருவங்களின் நிழல்வடிவம் அசைவது தெரியும் அளவுக்கு நிலவொளி வேண்டும், ஏனெனில் மாற்றங்கள் நடப்பது அங்கேதான்.

முதல் வீச்சு: முதல் 12 ஃபிரேம் அலையோசை மட்டும் கேட்கிறது, பிறகு ஒளி நுழைகிறது. ஈர மணலில் ஒரு மர நாற்காலி, அதன் கால்களில் கடற்பாசி. வேறொன்றும் இல்லை. நாற்காலியை ஏன் கரையில் பார்க்கிறோம் என்ற கேள்வி போதும்.

இரண்டாவது வீச்சு: நாற்காலிக்கு எதிரே ஒரு சிறு மேசை, அதன்மேல் ஆவி பறக்கும் கெண்டி. முதல் வீச்சு விசித்திரத்தைக் காட்டியது, இது வீட்டைக் காட்டுகிறது. இதைத் தொடரும் இருட்டில் ஈரக் காலடி ஓசை.

மூன்றாவது வீச்சு: சிறுமி மேசையருகே நிற்கிறாள், தாத்தா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இருவரும் நம்மைப் பார்ப்பதில்லை, வேலையில் இருக்கிறார்கள். பாத்திரங்கள் கேமராவைப் பார்த்துக் கையசைக்கும் அறிமுகம் இங்கே தொனியைக் குலைத்துவிடும்.

நான்காவது வீச்சு: நாற்காலியில் யாரோ அமர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். ஒளி நாற்காலியைத் தாண்டும்போது அது காலியாகவே இருக்கிறது. ஒளி மேலும் வலப்பக்கம் நகர்ந்ததும் கடலின் விளிம்பில் வீட்டைவிடப் பெரிய, பாசி படர்ந்த ஓர் உருவம் எழுந்து நிற்கிறது, அதை நோக்கிச் சிறுமி ஒரு கோப்பையை நீட்டுகிறாள். ஒட்டுமொத்தக் காட்சியின் உச்சம் இது. அந்தக் கை நீளும் அசைவு பீட்டின்மேல் விழ வேண்டும். சரியாகச் சொன்னால் பீட்டுக்கு ஓரிரு ஃபிரேம் முன்னால் கை நின்றுவிட வேண்டும், ஏனெனில் படம் ஒலியைச் சற்றே முந்தும்போதுதான் கண்ணுக்கும் காதுக்கும் இரண்டும் ஒன்றாகப் படுகின்றன. அனிமேட்டர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் பழக்கம் இது.

ஐந்தாவது வீச்சு 385-ஆம் ஃபிரேமில் தொடங்குகிறது. கரையில் யாருமில்லை, நாற்காலியும் இல்லை, மேசைமேல் மூன்று காலிக் கோப்பைகள், அவற்றில் ஒன்று வாளி அளவுக்குப் பெரியது. ஒளி வானத்தைக் கடக்கும்போது தொடரின் பெயர் எழுந்து நிற்கிறது. இசையின் கடைசிச் சுரம் 433-ஆம் ஃபிரேமில், அதாவது 18 வினாடி முடிந்ததும் விழுகிறது, மீதி இரண்டு வினாடி அதன் அதிர்வு தேய்ந்து அடங்க விடப்படுகிறது. இருபதாவது வினாடி வரை இசையை நிரப்பிவிட்டு வெட்டினால், அத்தியாயத்தின் முதல் வசனம் அந்த வெட்டின்மேல் மோதும்.

இதை வரைய எவ்வளவு ஓவியம் தேவைப்படும்? சிறிய குழுவால் முடியுமா?

இரண்டு ஃபிரேமுக்கு ஓர் ஓவியம் என்ற முறையில் 480 ஃபிரேமுக்கு அதிகபட்சம் 240 நிலைகள் வரும். நம் வடிவமைப்பில் அதைவிட வெகு குறைவு. பின்னணி ஒன்றே ஒன்று, நாற்காலியும் மேசையும் அசையாதவை, கெண்டியின் ஆவி எட்டு ஓவியங்களின் சுழற்சி. உண்மையான உழைப்பு சிறுமியின் கை நீட்டலிலும் பெரிய உருவத்தின் எழுச்சியிலும் மட்டுமே இருக்கிறது. சிறிய குழு தன் சிறந்த அனிமேட்டரின் நாள்களை அந்த நான்கு வினாடிக்கே ஒதுக்கலாம்.

ஒளிக்கற்றை மட்டும் விதிவிலக்கு. அது, வரைந்தவற்றை அடுக்கடுக்காக ஒன்றுசேர்க்கும் கம்போசிட்டிங் கட்டத்தில் செய்யப்படும் ஒரு லேயர், 1920 பிக்சல் அகலத்தை 48 ஃபிரேமில் கடக்கிறது, ஆகவே ஒரு ஃபிரேமுக்கு 40 பிக்சல் நகர்கிறது. அதையும் இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை நகர்த்தினால் 80 பிக்சல் தாவி, ஒளி வழுக்கிச் செல்லாமல் துடித்துத் துடித்துப் போகும். பாத்திரங்கள் இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை அசையட்டும், ஒளி ஒவ்வொரு ஃபிரேமிலும் நகரட்டும்.

முக்கியப் பாத்திரங்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் காட்டாவிட்டால் தயாரிப்பாளர் ஏற்றுக்கொள்வாரா?

ஏழு பேரையும் தனித்தனியே காட்ட முடியாது, ஆனால் ஏழு பேரும் இருப்பதைக் காட்ட முடியும். ஒரே ஷாட்டில் ஒரே செயலை அவரவர் இயல்புப்படி செய்வதுபோல் அமைத்தால், இரண்டு மூன்று வினாடியிலேயே அவர்களின் வேறுபாடு புலப்படும். அதற்கு ஒவ்வொருவரின் நிழல்வடிவமும் வேறுபட்டிருக்க வேண்டும். எல்லோரையும் கறுப்பில் நிரப்பிப் பார்த்தால் யார் யார் என்று தெரிகிறதா என்பதே சோதனை. தெரியவில்லை என்றால் குறை பாத்திர வடிவமைப்பில் இருக்கிறது, டைட்டில் காட்சியில் அதைச் சரிசெய்ய இயலாது.

தொடரின் பெயர் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும்? தமிழ் எழுத்துகளை அசைக்கும்போது தனிக் கவனம் வேண்டுமா?

முழுமையாக உருவாகி அசைவு நின்ற பிறகு, பெயரை இரண்டு முறை நிதானமாக வாசிக்கும் நேரம் நிற்க வேண்டும். ‘கரை ஒதுங்கியவை’ என்பதற்கு இரண்டரை வினாடி, அதாவது 60 ஃபிரேம் போதும். ஐந்தாவது வீச்சின் 96 ஃபிரேமில் பெயர் உருவாக 24 ஃபிரேம், நிற்க 60 ஃபிரேம், மறைய 12 ஃபிரேம் என்று பிரிக்கலாம். பெயர் முழுவதும் திரையின் நடு 90 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். 1920-க்கு 1080 என்ற அளவில் இருபுறமும் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல் விட்டால் அந்த எல்லை கிடைக்கும்.

தமிழ் எழுத்துகளுக்கு உறுதியாகத் தனிக் கவனம் வேண்டும். மென்பொருளில் எழுத்து எழுத்தாக அசைக்கும் வசதியைப் பயன்படுத்தினால், பல நேரங்களில் ‘ரை’ என்பதை மென்பொருள் ஓர் எழுத்தாகக் கொள்ளாமல் ஐகாரக் கொம்பையும் ரகரத்தையும் பிரித்துவிடும். கொம்பு ஓரிடத்தில் பறந்து வரும், எழுத்து வேறிடத்திலிருந்து வரும். தமிழின் எழுத்துச் சேர்க்கையை அறியாத அமைப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுவதும் உண்டு. ஆகவே பெயரை வெளிக்கோட்டு வடிவமாக மாற்றி, ‘க’, ‘ரை’, ‘ஒ’, ‘து’, ‘ங்’, ‘கி’, ‘ய’, ‘வை’ என்று கையால் குழுக்களாகப் பிரித்த பிறகே அசைவைத் தொடங்குங்கள்.

இன்னொன்று, ‘ங்’ என்பதன் புள்ளி. பெரிய திரையில் அழகாகத் தெரியும் மெல்லிய புள்ளி, கைப்பேசியில் மறைந்து ‘ங’ ஆகிவிடும். லோகோவைக் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்து, புள்ளி தெரியவில்லை என்றால் அதைத் தடித்த வட்டமாக வரைந்துவிடுவது நல்லது. தொடர் பிற மொழிகளுக்குப் போக வாய்ப்பிருந்தால், எழுத்தே இல்லாத ஒரு பிரதியையும் லோகோவைத் தனிக் கோப்பாகவும் முதலிலேயே ஒப்படைக்கத் திட்டமிடுங்கள். எழுத்தைப் பின்னணியில் கலந்து வரைந்துவிட்டால் பிறகு அதைப் பிரித்தெடுப்பது மறுபடி வரைவதற்குச் சமம்.

ஒவ்வோர் அத்தியாயத்திலும் டைட்டிலில் ஏதாவது மாறுவது நல்லதா?

மாறும் இடம் சிறியதாகவும், எப்போதும் ஒரே இடத்தில் வருவதாகவும் இருந்தால் மிகவும் நல்லது. ‘தி சிம்ப்ஸன்ஸ்’ தொடரின் டைட்டில் காட்சி 1990 ஜனவரியில் ஒளிபரப்பான அத்தியாயத்தில் முதலில் வந்தது. கரும்பலகையில் பார்ட் எழுதும் வரியும், குடும்பம் சோபாவில் வந்து அமரும் விதமும் மாறிக்கொண்டே இருக்க, மற்றப் பகுதிகள் பெரும்பாலும் நிலையாக இருந்தன. சோபாக் காட்சியை நீட்டியும் குறுக்கியும் அத்தியாயத்தின் நீளத்தைச் சரிசெய்யவும் அது உதவியது. நம் தொடரில் முதல் வீச்சில் கரையில் இருக்கும் பொருளை மட்டும் மாற்றலாம். ஒரு வாரம் நாற்காலி, அடுத்த வாரம் ஒரு பியானோ, பிறகு ஒரு வீட்டுக் கதவு. ஒரே ஓர் அசையாத ஓவியம் மாறுவதால் செலவும் அதிகமில்லை, அந்த அத்தியாயத்தின் கதைக்கு அது ஒரு குறிப்பாகவும் அமையும்.

“அறிமுகத்தைத் தவிர்” பொத்தானை எல்லோரும் அழுத்திவிடுகிறார்களே?

நெட்ஃபிளிக்ஸ் அந்தப் பொத்தானை 2017-இல் கொண்டுவந்தது, பிற தளங்களிலும் இப்போது அது வழக்கமாகிவிட்டது. அதற்காகக் காட்சியை ஐந்து வினாடியாகக் குறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முதல் இரண்டு வினாடியிலேயே அடையாளம் காணத்தக்க ஓர் ஒலி இருந்தால், தவிர்ப்பவருக்கும் தொனி கிடைத்துவிடும். அலையோசையோடு விளக்கின் பொறி சுழலும் முனகல் சேர்ந்தால் நமக்கு அது போதும்.

டைட்டிலில் ஒளி மின்னுவது ஆபத்தாகுமா?

ஆகலாம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ‘போக்கிமான்’ அத்தியாயம் ஒன்றில் சிவப்பும் நீலமும் மிக வேகமாக மாறி மாறி மின்னியதால், 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பிரிட்டன் ஒலிபரப்பு விதிகளின்படி, திரையில் கால் பங்குக்கும் மேல் பரவும் மின்னல் ஒரு வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் வரக் கூடாது. செறிந்த சிவப்பு தனியாகவே கூடுதல் எச்சரிக்கைக்குரியது. டைட்டில் காட்சிகள் இந்த எல்லையைத் தாண்டுவது பெரும்பாலும் இறுதிக் கட்டத்தில்தான் நேர்கிறது. “இன்னும் கொஞ்சம் துடிப்பு வேண்டும்” என்று யாரோ சொல்ல, பீட்டுக்குப் பீட் ஒரு வெள்ளை ஃபிரேம் சேர்க்கப்படும். 120 டெம்போவில் பீட்டுக்கு ஒன்று என்பது வினாடிக்கு இரண்டு, அரைப் பீட்டுக்கு ஒன்று என்றால் நான்கு. அங்கே எல்லை மீறப்படுகிறது. நான்கு வினாடிக்கு ஒருமுறை மென்மையாகக் கடக்கும் நம் ஒளிக்கற்றையால் இந்தச் சிக்கல் இல்லை, எனினும் ஒப்படைக்கும் முன் மின்னல் சோதனை மென்பொருளில் ஓட்டிவிடுவதே முறை.

அனிமேட்டிக் சரியாக வந்திருக்கிறதா என்பதை வரையத் தொடங்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

தொடரைப் பற்றி எதுவும் அறியாத ஒருவருக்கு ஒலியில்லாமல் ஒருமுறை காட்டுங்கள், இன்னொருவருக்குப் படமில்லாமல் ஒலியை மட்டும் கேட்கச் செய்யுங்கள். இருவரிடமும் கதை என்ன என்று கேட்காதீர்கள், அந்த இடத்தில் ஓர் இரவு தங்க விருப்பமா, ஏன் என்று கேளுங்கள். நம் எடுத்துக்காட்டில் ஒருவர் “பயமாக இருக்கிறது, ஆனால் போவேன்” என்ற பொருளில் ஏதாவது சொன்னால் தொனி சேர்ந்துவிட்டது. ஒலி கேட்டவர் “பயம்” என்றும் படம் பார்த்தவர் “அழகு” என்றும் மட்டும் சொன்னால், இரண்டும் தனித்தனி வேலையைச் செய்கின்றன என்று பொருள். அப்போது மூன்றாவது வீச்சில் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய ஓசையைச் சேர்ப்பது போன்ற சிறு மாற்றம் இரண்டையும் இணைக்கும்.

பிறகு ஒரே அமர்வில் அதைப் பத்து முறை தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் கண் சலித்து விலகுகிறதோ, அந்த இடத்தில் பெரும்பாலும் விளக்கம் அதிகமாக இருக்கும். எங்கள் வேலையில் அடிக்கடி வெட்டப்படுவது மூன்றாவது நான்காவது ஷாட்டுகளுக்கு இடையே யாரோ நல்லெண்ணத்தோடு சேர்த்த முகத்தின் அண்மைக் காட்சி. அதை எடுத்துவிட்டு அந்த ஃபிரேம்களை லோகோவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இந்த வேலையைத் தயாரிப்பின் எந்தக் கட்டத்தில் தொடங்குவது?

டெம்போவையும் தொனி வாக்கியத்தையும் முன்னோட்ட அத்தியாயத்தின் காலத்திலேயே முடிவு செய்யலாம். ஆனால் இறுதி ஓவியங்களை முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களின் ஸ்டோரிபோர்டு உறுதியாகும் வரை தொடங்க வேண்டாம். பாத்திரங்களின் உடையும் நிறமும் அந்தக் கட்டம் வரை மாறிக்கொண்டே இருக்கும், முன்பே வரைந்த டைட்டில் காட்சியில் சிறுமியின் பழைய மழைக்கோட்டு தொடர் முழுவதும் நிலைத்துவிடும்.